சொல்லாமல் கற்பிக்கும் களம்: காணொளி விளையாட்டுகளில் நிலை வடிவமைப்பின் வழிக் கட்டுப்பாடுகளைப் பயிற்றுவித்தலும் அதன் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

காணொளி விளையாட்டைப் புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு அதன் கட்டுப்பாடுகளை நீண்ட எழுத்துக் குறிப்புகளால் விளக்குவதைவிட, அவர் கடந்து செல்லும் ஆட்டக்களத்தின் அமைப்பாலேயே உணர்த்துவது சிறந்தது என்னும் கருத்து விளையாட்டுத் திறனாய்வில் வேரூன்றியுள்ளது. இக்கருத்துக்குப் பெரும்பாலும் காட்டப்படும் சான்று, நிண்டெண்டோ நிறுவனம் 1985ஆம் ஆண்டு வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் முதல் நிலையாகிய ‘உலகம் 1-1’ ஆகும். அந்நிலை எவற்றைக் கற்பிக்கிறது, எவற்றைக் கற்பிக்காமல் விடுகிறது என்பதை இக்கட்டுரை அதன் உறுப்புகளைக் கொண்டே ஆராய்கிறது. களம் ஒரு செயலின் அளவையும் பயனையும் கற்பிக்க வல்லது. எந்தப் பொத்தான் அச்செயலைத் தரும் என்பதைக் கற்பிக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, நிலை வடிவமைப்பு, கட்டுப்பாடுகள், பயிற்சிக் குறிப்பு, சூப்பர் மாரியோ பிரதர்ஸ், போர்ட்டல், சூப்பர் மெட்ராய்டு

முன்னுரை

விளையாட்டு தொடங்கியவுடன் திரையை மறைத்து நிற்கும் விளக்கப் பெட்டிகளை ஆட்டக்காரர் பலர் படிப்பதில்லை. படிப்பவரும் அவற்றை நினைவில் வைத்திருப்பதில்லை. ஏழெட்டுக் கட்டுப்பாடுகளை ஒரே மூச்சில் சொல்லும் குறிப்பு, அவற்றுள் எதையும் பயன்படுத்த வேண்டிய தேவை எழுவதற்கு முன்பே வந்துவிடுவதே இதற்குக் காரணம். தேவை எழும்போது குறிப்பு மறைந்திருக்கும். இக்குறையை உணர்ந்த வடிவமைப்பாளர்கள் களத்தையே ஆசிரியராக்கும் வழியை மேற்கொண்டனர். தாண்டாமல் செல்ல இயலாத ஒரு தடையை வைத்தால், தாண்டுதலை ஆட்டக்காரர் தாமே கண்டறிவார் என்பது இவ்வழியின் அடிப்படை.

இவ்வழியைப் போற்றும் எழுத்துகள் பல, நல்ல களத்திற்கு எழுத்தே வேண்டுவதில்லை என்னும் முடிவுக்குத் தாவிவிடுகின்றன. அத்தாவல் சரியா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. அம்முடிவை முழு உண்மையாகக் கொள்ளும் வடிவமைப்பாளர் எழுத்தை முற்றும் நீக்கும்போது, இழப்பு நேர்வது விளையாட்டுக் கருவியை முதன்முறையாகக் கையில் எடுப்பவருக்கே. பழகிய ஆட்டக்காரர் முந்தைய விளையாட்டுகளின் வழக்கத்தைக் கொண்டு ஊகித்துக்கொள்வார். புதியவருக்கு அந்தத் துணையும் இல்லை.

வினாவை ஆராய, கட்டுப்பாட்டு அறிவை மூன்றாகப் பிரித்துக்கொள்வது பயன் தரும். எந்தப் பொத்தான் எந்தச் செயலைத் தருகிறது என்பது பொத்தான் அறிவு. அச்செயல் எவ்வளவு உயரம், எவ்வளவு தொலைவு, எவ்வளவு நேரம் நிகழும் என்பது அளவறிவு. அதை எவ்விடத்தில், எதற்காகப் பயன்படுத்த வேண்டும் என்பது பயனறிவு. இம்மூன்றையும் ஒன்றாகக் கருதுவதே மேற்கூறிய தாவலுக்கு வழி செய்கிறது.

முதல் திரையும் காளானும்

ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி தெசூகா ஆகியோரின் வடிவமைப்பில் உருவான ‘உலகம் 1-1’ தொடங்கும்போது மாரியோ திரையின் இடப்பக்கத்தில் வலப்புறம் நோக்கி நிற்கிறார். வலப்பக்கம் முழுவதும் வெற்றிடம். இடப்புறம் செல்ல முயன்றால் திரையின் விளிம்பு தடுத்துவிடுகிறது. வலப்புறம் செல்லும்போது மட்டுமே காட்சி நகர்கிறது. செல்ல வேண்டிய திசையை ஆட்டக்காரர் இரண்டொரு நொடியில் அறிந்துகொள்கிறார்.

சற்று நடந்ததும் தலைக்கு மேல் கேள்விக்குறி பொறித்த ஒளிரும் கட்டி ஒன்று தெரிகிறது. எதிரே கூம்பா என்னும் சிற்றுயிர் ஒன்று வருகிறது. அதன்மேல் மோதினால் மாரியோ இறக்கிறார். அந்த இறப்பு விலை குறைந்தது என்பது கவனிக்கத் தக்கது. மூன்று உயிர்களுள் ஒன்றும் சில நொடி நேரமும் மட்டுமே இழப்பு. ஆட்டக்காரர் மீண்டும் அதே இடத்தில், அதே எதிரியின் முன் நிற்கிறார். கருவியில் திசைப்பொத்தானைத் தவிர ஆட்டத்திற்குரியவை ‘ஏ’, ‘பி’ என்னும் இரண்டு பொத்தான்களே. ஒன்றை அழுத்திப் பயனில்லை எனில் மற்றொன்றை அழுத்துவார். தாண்டுதலைக் கண்டறிய ஆட்டக்காரருக்கு இரண்டு முயற்சிகளே போதும். இங்குப் பொத்தான் அறிவைத் தருவது களம் மட்டுமன்று; கருவியில் பொத்தான்கள் குறைவு என்பதும் தோல்வி மலிவானது என்பதும் சேர்ந்தே அதைத் தருகின்றன.

அடுத்து வரும் காளான் வேறுவகைச் சிக்கலைத் தீர்க்கிறது. கூம்பாவின் உருவமும் காளானை ஒத்தது. எதிரியைக் கண்டு அஞ்சக் கற்ற ஆட்டக்காரர், மாரியோவைப் பெரிதாக்கும் காளானையும் கண்டு விலகக்கூடும். எனவே கட்டியிலிருந்து வெளிப்படும் காளான் முதலில் வலப்புறமாக, அதாவது மாரியோவை விட்டு நகர்கிறது. பின் தரையில் விழுந்து, முன்னுள்ள குழாயில் மோதித் திரும்பி அவரை நோக்கி வருகிறது. விலகித் தாண்ட முயன்றாலும் மேலே வரிசையாக உள்ள கட்டிகளில் தலை இடித்துக் கீழே விழும் வாய்ப்பே மிகுதி. காளானைத் தவிர்ப்பது கடினமாகும்படி அவ்விடம் திட்டமிடப்பட்டதை மியாமோட்டோவே பிற்காலப் பேட்டிகளில் விளக்கியுள்ளார். குழாயும் கட்டி வரிசையும் அங்கு அணியாக வைக்கப்பட்டவை அல்ல. ஒன்று காளானைத் திருப்பி அனுப்புகிறது; மற்றொன்று ஆட்டக்காரரைக் கீழே நிறுத்துகிறது. இரண்டும் சேர்ந்து பயனறிவைத் தருகின்றன.

குழாய்கள்: அளவறிவின் பாடம்

முதல் நிலையின் மிகச் சிறந்த பாடம் அடுத்து வரும் நான்கு குழாய்களில் உள்ளது. அவற்றின் உயரம் முறையே இரண்டு, மூன்று, நான்கு, நான்கு கட்டங்கள். தாண்டும் பொத்தானை எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறோமோ அதற்கேற்ப மாரியோ உயர எழுவார் என்பது இவ்விளையாட்டின் அடிப்படை இயல்பு. முதல் இரு குழாய்கள் படிப்படியாக உயர்கின்றன. மூன்றாவதைக் கடக்க வேண்டுமெனில் பொத்தானை அழுத்திப் பிடித்தே ஆகவேண்டும். தட்டிப் பழகிய விரலை அழுத்திப் பிடிக்கச் செய்வது இந்த உயர்வே.

இவ்வமைப்பில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, முதல் இரண்டு குழாய்களுக்கு இடையே எதிரி இல்லை. ஆட்டக்காரர் உயரத்தை அறியும்வரை அவரை எதுவும் விரட்டுவதில்லை. இரண்டாவது, மூன்றாவது குழாய்களுக்கு இடையே ஒரு கூம்பாவும், மூன்றாவது, நான்காவது குழாய்களுக்கு இடையே இரண்டு கூம்பாக்களும் வருகின்றன. புதிய திறனைத் தனியே பழகிய பின்னரே அது பழைய ஆபத்தோடு இணைக்கப்படுகிறது.

இரண்டாவது நுட்பம், நான்காவது குழாய் மூன்றாவதன் உயரத்தையே கொண்டிருப்பது. மேலோட்டமாக நோக்கின் அது வீண் மறுபடி எனத் தோன்றும். எனினும் ஒருமுறை கடப்பது கற்றதற்குச் சான்றாகாது; பதற்றத்தில் பொத்தானை அழுத்திப் பிடித்ததால் தற்செயலாகவும் கடந்திருக்கலாம். அதே உயரத்தை இன்னொரு முறை கடக்கச் செய்தால்தான் தற்செயலும் கற்றலும் வேறுபட்டுத் தெரியும். இன்றைய நிலைகளைச் சோதித்துப் பார்ப்போருக்கும் இது பயன்படும் அளவுகோல். முதல் தடையைக் கடந்தவர் அதே தடையில் இரண்டாம் முறை தடுமாறினால், முதல் தடை கற்பிக்கவில்லை, வழிவிட்டது மட்டுமே.

படிக்கட்டுகள்: ஒரு வழக்காற்றுக் கருத்தின் திருத்தம்

இந்நிலையின் பிற்பகுதியில் இரண்டு இணைப் படிக்கட்டுகள் வருகின்றன. முதல் இணையின் நடுவே தரை உள்ளது. இரண்டாம் இணையின் நடுவே குழி உள்ளது. குழியைத் தாண்டுவதை முதலில் ஆபத்தின்றியும் பின்னர் ஆபத்துடனும் பழக்குவதே இவ்வமைப்பின் நோக்கம் எனத் திறனாய்வாளர் பலர் கூறுவர். நிலை முழுவதையும் வரிசையாக நோக்கினால் இக்கூற்று அப்படியே பொருந்தாது. படிக்கட்டுகளை அடைவதற்கு முன்பே ஆட்டக்காரர் இரண்டு உண்மையான குழிகளைக் கடந்திருக்கிறார். ஒன்று இரண்டு கட்ட அகலமும் மற்றொன்று மூன்று கட்ட அகலமும் உடையவை. குழி என்பது சாவு என்னும் பாடத்திற்குப் பாதுகாப்பான ஒத்திகை எதுவும் தரப்படவில்லை.

அவ்வாறாயின் படிக்கட்டு எதைக் கற்பிக்கிறது? முன்னிரண்டு குழிகளும் சமதரையில் அமைந்தவை. அங்கு ஓடிவந்து தாண்டப் போதிய இடம் உண்டு. படிக்கட்டின் உச்சியில் அவ்விடம் இல்லை. ஒடுங்கிய விளிம்பில் நின்று, அளந்து தாண்ட வேண்டும். முதல் இணை இந்தப் புதிய திறனுக்கே ஒத்திகை. இரண்டாம் இணையில் குழிக்கு முன்னுள்ள உச்சி இரண்டு கட்ட அகலமாக்கப்பட்டிருப்பதும் இக்கருத்துக்கு வலுச்சேர்க்கும். ஆபத்து கூடும் இடத்தில் கால் ஊன்றும் இடமும் சற்றுக் கூட்டப்பட்டுள்ளது. ஒவ்வொரு தடையும் அதற்கு முன் வந்தவற்றோடு ஒப்பிடும்போதுதான் அது கற்பிக்கும் பாடம் புலப்படுகிறது. தனித்து நோக்கிய விளக்கம் பிழையாவதற்கு இப்படிக்கட்டே சான்று.

முதல் நிலை கற்பிக்காதவை

‘பி’ பொத்தானை அழுத்திப் பிடித்தால் மாரியோ விரைந்து ஓடுவார். இறுதி உலகத்தின் அகன்ற குழிகளைக் கடக்க இத்திறன் இன்றியமையாதது. ஆயின் ‘உலகம் 1-1’இல் ஓடினால் மட்டுமே கடக்கத்தக்க இடம் ஒன்றுகூட இல்லை. ஓடுதலை அறியாமலே ஒருவர் இந்நிலையை முடித்துவிடலாம். களம் அதைக் கேட்கவில்லை. எனவே கற்பிக்கவும் இல்லை.

நான்காவது குழாயின் மேல் நின்று கீழ்நோக்கி அழுத்தினால் நாணயங்கள் நிறைந்த மறைவறைக்குச் செல்லலாம். அக்குழாய் பிற குழாய்களிலிருந்து தோற்றத்தில் வேறுபடுவதில்லை. குழாய் என்பது நுழைவாயிலும் ஆகலாம் என்பதை விளையாட்டு வெளிப்படையாகக் காட்டுவது முதல் நிலை முடிந்த பிறகே. அடுத்த நிலைக்குச் செல்லும் காட்சியில் மாரியோ தாமாகவே நடந்து ஒரு குழாய்க்குள் நுழைகிறார். அப்போதும் கண்ணுக்குத் தெரிவது நுழைவு மட்டுமே. மேலே நின்று கீழ்நோக்கி அழுத்த வேண்டும் என்பதன்று.

இவற்றை வடிவமைப்பின் குறை எனக் கொள்வது பொருந்தாது. கற்பிக்கப்படாத கட்டுப்பாடுகள் எவையும் அந்நிலையில் கட்டாயமாக்கப்படவில்லை. இதுவே அந்நிலையின் நேர்மை. அத்துடன் விளையாட்டுடன் அச்சிட்ட கையேடு ஒன்று வழங்கப்பட்டது. பொத்தான்களின் பயன் அதில் எழுத்திலேயே விளக்கப்பட்டது. தொடக்கத் திரையைச் சிறிது நேரம் தொடாமல் விட்டால் மாரியோ முதல் நிலையில் தாமே இயங்கும் முன்னோட்டக் காட்சியும் ஓடும். சொல்லின்றிக் கற்பித்ததற்கு முழுமையான சான்றாகக் காட்டப்படும் நிலைக்கு அருகிலேயே எழுத்தும் முன்னோட்டமும் இருந்தன. கையேட்டை மறந்துவிட்டு நிலையை மட்டும் போற்றுவது சான்றின் பாதியை மறைப்பதாகும்.

உடலைக் காட்டலாம், விரலைக் காட்ட இயலாது

பொத்தான் அறிவில் களத்தின் எல்லையை 1994ஆம் ஆண்டின் ‘சூப்பர் மெட்ராய்டு’ தெளிவாகக் காட்டுகிறது. சுவரில் உதைத்து எதிர்த்திசையில் எம்பும் திறன் அதன் நாயகிக்குத் தொடக்கம் முதலே உண்டு. ஆட்டக்காரருக்கு அது தெரியாது. செங்குத்தான ஓர் ஆழமான பாதையில் மூன்று சிற்றுயிர்கள் இரு சுவர்களுக்கிடையே மாறிமாறி எம்பி மேலேறிக் காட்டுகின்றன. எழுத்து ஒன்றுமில்லை. இக்காட்சி அளவறிவையும் பயனறிவையும் ஒருங்கே தருகிறது: எங்கே எம்பலாம், எம்பினால் எவ்வாறு மேலேறலாம் என்பவை கண்முன் நிகழ்கின்றன.

ஆயினும் அத்திறனுக்கு உரிய விரலசைவு கண்ணுக்குத் தெரிவதில்லை. சுழன்றபடி சுவரைத் தொட்டு, சுவருக்கு எதிர்த்திசையை முதலில் அழுத்தி, உடனே தாண்டும் பொத்தானை அழுத்த வேண்டும். இவ்வரிசை மாறினால் எம்புதல் நிகழாது. செய்ய வேண்டியதைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒருவரும் பலமுறை தோற்று, தம் ஊகமே தவறு எனக் கைவிடக்கூடும். மாரியோவின் கூம்பா முன் ஏற்படும் தோல்வியிலிருந்து இத்தோல்வி வேறுபட்டது. அங்கே தோல்வி வேறொன்றை முயலத் தூண்டுகிறது. இங்கே சரியானதை முயன்றவருக்கும் தவறானதை முயன்றவருக்கும் ஒரே விடையே கிடைக்கிறது. தோல்வியின் காரணத்தைத் தெரிவிக்காத களம் கற்பிப்பதில்லை. சோதனையின்போது ஆட்டக்காரர் திரையை விட்டுத் தம் கைகளைக் குனிந்து பார்ப்பதும், ஆட்டத்தை நிறுத்திக் கட்டுப்பாட்டுப் பட்டியலைத் திறப்பதும் இந்நிலைக்கு அடையாளங்கள். அவருக்குத் தேவைப்படுவது பொத்தான் அறிவு; களத்தை எவ்வளவு திருத்தினாலும் அதைத் தர இயலாது.

பணிப் பகிர்வு: ‘போர்ட்டல்’

வால்வ் நிறுவனம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ‘போர்ட்டல்’ இப்பணிகளைத் தெளிவாகப் பகிர்ந்தளிக்கிறது. இரு சுவர்களில் திறக்கும் வாயில்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஒன்றில் நுழைபவர் மற்றொன்றில் வெளிவருவார். வழக்கமான வெளியுணர்வுக்கு முரணான இதை எழுத்தால் விளக்குவது கடினம். முதல் அறையில் வாயில் தானாகவே திறக்கிறது. அதன் வழியே ஆட்டக்காரர் தம் உருவத்தையே வேறொரு கோணத்தில் காண்கிறார். வாயில் என்றால் என்ன என்பது அக்காட்சியில் விளங்கிவிடுகிறது.

அதன்பின் கருவி கைக்கு வந்தாலும் நீல வாயிலை மட்டுமே திறக்க முடியும். செம்மஞ்சள் வாயில் அறையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். இரண்டையும் திறக்கும் கருவி பதினொன்றாம் எண் அறையில்தான் கிடைக்கிறது. அதுவரை ஆட்டக்காரர் தீர்மானிக்க வேண்டியது ஒரு வாயிலின் இடத்தை மட்டுமே. உயரத்திலிருந்து விழும் வேகத்தைக் கொண்டு தொலைவுக்குப் பாயும் உத்தியும் இந்த ஒற்றை வாயில் கட்டத்திலேயே பழக்கப்படுகிறது. கருத்தைக் களம் கற்பிக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை மட்டும் தேவை எழும் நொடியில் திரையில் தோன்றும் ஓரிரு சொற்கள் சொல்கின்றன. அச்சொற்கள் வருவதால் வடிவமைப்பு தரம் தாழவில்லை. களத்தால் இயலாததை எழுத்துச் செய்கிறது; எழுத்தால் இயலாததைக் களம் செய்கிறது.

ஆய்வுத் தரவு காட்டுவது

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆண்டர்சனும் உடனாய்வாளர்களும் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் கருதத் தக்கது. சிக்கல் அளவில் வேறுபட்ட மூன்று விளையாட்டுகளை 45,000க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களிடம் பயிற்சிக் குறிப்புகளுடனும் அவையின்றியும் வழங்கி அவர்கள் ஒப்பிட்டனர். எளிய இரு விளையாட்டுகளில் குறிப்புகளால் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. புரதங்களின் மடிப்பை அமைக்கும் ‘ஃபோல்டிட்’ என்னும் சிக்கலான விளையாட்டில் மட்டும் ஆடும் நேரம் 29 விழுக்காடு வரை கூடியது.

எழுத்துக்கு எதிரான வாதத்துக்கும் ஆதரவான வாதத்துக்கும் இத்தரவில் இடமுண்டு. தாமே முயன்று கண்டறியக் கூடிய இடத்தில் எழுத்து மிகை. பிற விளையாட்டுகளின் பழக்கத்தால் ஊகிக்க இயலாத செயல்கள் நிறைந்த இடத்தில் எழுத்து தேவை. ஆடும் நேரம் என்பது கற்றலின் நேரடி அளவு அன்று என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். எனினும் குழப்பமுற்றவர் விலகிவிடுவர் என்பதால் அது பொருளுடைய அடையாளமே.

முடிவுரை

‘உலகம் 1-1’ கற்பிப்பவற்றைத் தொகுத்து நோக்கினால், அவற்றுள் பெரும்பகுதி அளவறிவும் பயனறிவுமே. பொத்தான் அறிவை அது தருமிடத்தும், இரண்டே பொத்தான்கள், மலிவான தோல்வி என்னும் இரு நிபந்தனைகளின் துணையாலேயே தருகிறது. இன்றைய கட்டுப்பாட்டுக் கருவிகளில் பத்துக்கும் மேற்பட்ட பொத்தான்கள் உள்ளன. அவற்றைச் சேர்த்தும் வரிசையாகவும் அழுத்தும் செயல்கள் அவற்றினும் பல. ஒன்றில்லை எனில் மற்றொன்று என்னும் ஊகம் அங்குச் செல்லாது. பழைய நிலையின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் நிபந்தனைகளை விட்டுவிடுவதே எழுத்தில்லாக் கற்பித்தலின் பெயரால் நேரும் பிழை.

ஆகவே ஒரு தொடக்க நிலையைத் திறனாயும்போது, அது எழுத்தைப் பயன்படுத்தியதா என்று கேட்பது போதாது. அந்நிலை கேட்கும் ஒவ்வொரு செயலுக்கும் உரிய பொத்தானை ஆட்டக்காரர் எங்கிருந்து அறிந்தார், தவறியபோது தவறின் காரணம் அவருக்குத் தெரிந்ததா, முதலில் கடந்ததை இரண்டாம் முறையும் கடந்தாரா என்பனவே கேட்கத் தக்க வினாக்கள். முதல் வினாவுக்குக் களத்தில் விடை இல்லாத இடத்தில், உரிய நொடியில் தோன்றும் இரண்டு சொற்கள் போதும். அவை பக்கம் நிறைந்த விளக்கமாக வேண்டியதில்லை.